தகிட தகிட தகிட தக: மேக்கன் நகரத்துக் கிட்டார்கள்

அட்லாண்டாவில் இருந்து மேக்கனுக்குக் காரில் ஒன்றரை மணி நேரம். ஜார்ஜியாவில் இருந்த ஆறு வருஷத்தில் அந்தச் சாலையில் நான் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டைத்தான் முதலில் போடுவேன். ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் 'விப்பிங் போஸ்ட்'. 1971 மார்ச்சில் மேடையில் வாசித்த பதிவு, கிட்டத்தட்ட 23 நிமிஷம்.

அந்தப் பாட்டு பேஸ் கிட்டாரோடு தனியாகத் தொடங்கும். முதல் தடவை கேட்டபோது ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டேன், இரண்டாவது சுற்றிலேயே விரல் தப்பியது. சின்ன வயதில் நாலு வருஷம் மிருதங்கம் கற்றுக்கொண்டவன் நான். தாளம் தப்பினால் விடமாட்டேன். திரும்பத் திரும்பப் போட்டுச் சொல்லிப் பார்த்ததில் பிடிபட்டது: தகிட தகிட தகிட தக. மூன்று மூன்று மூன்று இரண்டு, மொத்தம் பதினொன்று. பல்லவிக்கு முன் வரும் பாட்டு வரிகளில் அது தகிட நான்காக, பன்னிரண்டாக நிமிர்ந்துகொள்ளும். ஒரே ஒரு எண்ணிக்கை குறைவதால்தான் தொடக்கத்தில் யாரோ பின்னால் இருந்து தள்ளுகிற மாதிரி இருக்கிறது.

பிற்பாடு தெரிந்துகொண்டது என்னைச் சந்தோஷப்படுத்தியது. பாட்டை எழுதிய கிரெக் ஆல்மனுக்கு அது பதினொன்று என்றே தெரியாதாம். மூன்று மூன்றாக மூன்று தடவை, அப்புறம் அடுத்த மூன்றுக்குத் தாவ ஒரு இரண்டு, அவ்வளவுதான் தன் கணக்கு என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் டுவேன்தான் எண்ணிச் சொன்னது. ராத்திரி வரி தோன்றியபோது பேனா கிடைக்காமல், தீக்குச்சிகளைக் கொளுத்தி அணைத்து அந்தக் கரியால் இஸ்திரிப் பலகைத் துணியில் எழுதினாராம். காதலி ஏமாற்றிய கதைதான் பாட்டு. ஆனால் தலைப்பின் பொருள் சாட்டையடிக் கம்பம். அமெரிக்கத் தெற்கில் அந்தச் சொல்லை வெறும் உவமையாக மட்டும் யாராலும் கேட்க முடியாது.

சதர்ன் ராக் என்று பெயர் வாங்கிய இசை இந்தக் குழுவில் இருந்துதான் தொடங்குகிறது. 1969 மார்ச்சில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஆறு பேர் சேர்ந்தார்கள். டுவேன் கிட்டார், தம்பி கிரெக் ஆர்கனும் குரலும், டிக்கி பெட்ஸ் இன்னொரு கிட்டார், பெர்ரி ஓக்லி பேஸ், பட்ச் டிரக்ஸ், ஜேமோ இருவரும் டிரம்ஸ். சீக்கிரமே மேக்கனுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஃபில் வால்டன் என்ற மேனேஜர் இருந்தார். கறுப்பின சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் மேனேஜர் அவர்தான். 1967 டிசம்பரில் ரெட்டிங் விமான விபத்தில் இறந்த பிறகு வால்டன் நிலைகுலைந்து போயிருந்தார். அவர் நடத்திய கேப்ரிகார்ன் ரெக்கார்ட்ஸ்தான் இந்தக் குழுவின் பாட்டுகளை வெளியிட்டது. அன்றைய வழக்கப்படி தெற்கத்திக் குழு என்றால் நியூயார்க்குக்கோ லாஸ் ஏஞ்சலிசுக்கோ போய்த்தான் பெரிய ஆளாக வேண்டும். இவர்கள் போகவில்லை. ஊரிலேயே இருந்துகொண்டு வாசித்தார்கள். ரசிகர்களின் பெருமை முதலில் ஒட்டிக்கொண்டது இந்த ஒரு விஷயத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ப்ளூஸும் கன்ட்ரியும் கலந்தது சதர்ன் ராக் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எப்படிக் கலந்தது என்று யாரும் சொல்வதில்லை. நம் காதுக்கு அதைச் சொல்வது சுலபம்.

ப்ளூஸ் கிட்டார்காரர் அதிகம் புழங்கும் ஐந்து சுரங்கள் நம் சுத்த தன்யாசியின் ஐந்து சுரங்கள்: ஸ க ம ப நி. அதில் காந்தாரமும் நிஷாதமும் இறங்கி நிற்கும். கன்ட்ரி இசையிலும் அதன் தாயான மலைப்பகுதி ஃபிடில் இசையிலும் அதிகம் வருவது மோகனத்தின் ஐந்து: ஸ ரி க ப த. கிரக பேதம் தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. மோகனத்தின் தைவதத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு அதே ஐந்தையும் வாசித்தால் சுத்த தன்யாசி வந்துவிடும். கிட்டாரின் கழுத்தில் விரல் அதே இடங்களில்தான் இருக்கிறது, வீடு மட்டும் மாறுகிறது. இதை ராகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ப்ளூஸ்காரர் காந்தாரத்தைக் கம்பியை இழுத்து இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில் எங்கேயோ நிறுத்துவார். ஐந்தோடு நிற்கவும் மாட்டார். ஆனால் ஒரே ஊரில் வளர்ந்த வெள்ளைக்கார ஃபிடில்காரரும் கறுப்பினக் கிட்டார்காரரும் ஒருவர் காதில் மற்றவர் இவ்வளவு சுலபமாக நுழைந்ததற்கு இந்த ஐந்து சுரங்களும் ஒரு காரணம்.

இந்தக் குழுவில் அந்த இரண்டு வீடுகளுக்கும் ஆளுக்கொருவர் இருந்தார்கள். டுவேன் ப்ளூஸ் வீட்டுக்காரர். கண்ணாடிக் குழலை விரலில் மாட்டிக் கம்பி மேல் வழுக்கி வாசிப்பார். கொரிசிடின் என்ற சளி மாத்திரையின் காலி பாட்டில் அது. 1968இல் அவர் பிறந்த நாளன்று சளியோடு படுத்திருந்த அண்ணனுக்கு மாத்திரை பாட்டிலையும் தாஜ் மஹால் என்ற ப்ளூஸ் பாடகரின் இசைத்தட்டையும் வாங்கிக்கொண்டு போனதாக கிரெக் சொல்லியிருக்கிறார். தட்டைக் கேட்டுவிட்டு மாத்திரைகளைக் கொட்டிவிட்டுப் பாட்டிலில் பழக ஆரம்பித்தவர், மூன்று வருஷத்துக்குள் அந்த வாத்தியத்தையே வேறாக மாற்றிவிட்டார். அந்தத் தட்டில் இருந்த 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்' 1928இல் ஜார்ஜியாவின் பார்வையற்ற கறுப்பினப் பாடகர் பிளைண்ட் வில்லி மெக்டெல் பதிவு செய்தது. ஸ்டேட்ஸ்போரோவும் ஜார்ஜியாதான். பாட்டு நாடு சுற்றிவிட்டுத் தன் மாநிலத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தது.

டிக்கி பெட்ஸ் ஃபிடில் வாசிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் யுகுலேலே, மாண்டலின் எல்லாம் வாசித்தவர். அவருடைய கிட்டார் இயல்பாக மோகனத்தின் பக்கம் சாயும், பளிச்சென்று வெயில் அடிக்கிற மாதிரி. 1973இல் 'ராம்ப்ளின் மேன்' என்ற அவருடைய பாட்டு அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அதை நேராகக் கன்ட்ரி வானொலியில் போட்டாலும் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இருவரும் ஒரே மெட்டை ஒருவர் கீழேயும் மற்றவர் இரண்டு படி மேலேயும் சேர்ந்து வாசிப்பார்கள். சதர்ன் ராக் என்றதும் காதில் கேட்கிற அந்த இரட்டைக் கிட்டார் சத்தம் இதுதான். டெக்சஸ் பக்கத்து வெஸ்டர்ன் ஸ்விங் குழுக்களில் இரண்டு ஃபிடில்கள் இப்படி வாசிப்பது வழக்கம். அந்த ஃபிடில் பழக்கத்தை ப்ளூஸ் சத்தத்துக்குள் கொண்டு வந்து வைத்தார்கள்.

கலப்பு, இரட்டைக் கிட்டார், இவற்றுக்கு அடுத்து மூன்றாவது அடையாளம் நீளம். மணிக்கணக்காக வாசிப்பதை வெறும் போதை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. சில குழுக்கள் விஷயத்தில் அது நியாயமும்கூட. முன்கூட்டித் திட்டமிடாமல் மேடையிலேயே சேர்ந்து கற்பனையாக வாசிப்பதை ஜாம் என்பார்கள். நல்ல ஜாமையும் வெறும் நீட்டலையும் எப்படிப் பிரித்தறிவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது 'இன் மெமரி ஆஃப் எலிசபெத் ரீட்' என்ற பெட்ஸின் பாட்டு. வரிகள் கிடையாது, முழுக்க வாத்தியம். 1971 மார்ச் 12, 13 தேதிகளில் பதிவான மேடைக் கச்சேரித் தொகுப்பில் அது 13 நிமிஷம் வருகிறது. தெற்கின் பெருமை என்று கொண்டாடப்படுகிற அந்தக் கச்சேரி நடந்தது நியூயார்க்கில், ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில்.

ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். முதலில் பெட்ஸ் வால்யூம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்துக் கம்பியைத் தட்டிவிட்டு மெதுவாகத் திறக்கிறார். தட்டிய சத்தம் கேட்காது. வில் போட்ட மாதிரி சுரம் மட்டும் மலர்ந்து வரும். அப்புறம் இரண்டு கிட்டாரும் சேர்ந்து மெட்டு. பிறகு பெட்ஸின் தனி, கிரெக்கின் ஆர்கன், அதன் பின் டுவேன். இங்கேதான் கவனிக்க வேண்டும். பின்னால் மாறிக்கொண்டிருக்கும் சங்கதி மிகக் கொஞ்சம், ஒன்றிரண்டு கார்டுகள், சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், அவ்வளவுதான். பாட்டின் நடையே உதவிக்கு இல்லாததால் வாசிப்பவர் தானே கட்டி எழுப்ப வேண்டும். டுவேன் சின்னச் சின்ன வாக்கியங்களாக ஆரம்பிக்கிறார். ஒரு உச்சிக்குப் போகிறார். கைதட்டு வாங்கிவிட்டு இறங்கியிருக்கலாம். இல்லை, சத்தத்தை அப்படியே கீழே இறக்கி, கிட்டத்தட்ட முணுமுணுப்பாக்கி, மறுபடியும் முதலில் இருந்து ஏறுகிறார். அவர் இறங்கும்போது ஐந்து பேரும் கூடவே இறங்குகிறார்கள். பட்ச் டிரக்ஸ் வண்டியை நேராக ஓட்டுகிறார். ஜேமோ அதன் மேல் ஜாஸ்காரராகப் புள்ளி வைத்துக்கொண்டே போகிறார். ஒருவர் தனியாக வாசிக்கும்போது மற்றவர்கள் எதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்று கேட்க ஆரம்பித்தால் நல்ல ஜாம் எது என்பது விளங்கிவிடும். மைல்ஸ் டேவிஸையும் ஜான் கோல்ட்ரேனையும் விடாமல் கேட்டதாக டுவேனே சொல்லியிருக்கிறார். ஜாஸ் தட்டுகளை இந்தக் குழுவுக்குள் கொண்டு வந்ததில் ஜேமோவுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜேமோவைப் பற்றிச் சொல்லாமல் பெருமையைப் பற்றிப் பேச முடியாது. அவர் மிசிசிப்பிக்காரர், கறுப்பினத்தவர், ஓட்டிஸ் ரெட்டிங்கோடு சுற்றுப்பயணம் போனவர். 1969இல் ஜார்ஜியாவில் நீளமுடி வைத்த ஐந்து வெள்ளைக்காரர்களும் ஒரு கறுப்பினத்தவரும் ஒரே வேனில் சுற்றுவதும் ஒரே வீட்டில் தங்குவதும் சாதாரணக் காரியமில்லை. பொது இடங்களில் இனப் பிரிவினை சட்டப்படி ஒழிந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. மேக்கனில் எச் அண்ட் எச் என்று ஒரு சாப்பாட்டுக் கடை. அதன் உரிமையாளர்களில் ஒருவர் லூயிஸ் ஹட்சன், கறுப்பினப் பெண்மணி, ஊரே அவரை மாமா லூயிஸ் என்று கூப்பிடும். அங்கே மாமா என்றால் அம்மா. பையன்கள் கையில் காசில்லாமல் ஒன்றிரண்டு தட்டு வாங்கிப் பங்குபோட்டுச் சாப்பிடுவதைப் பார்த்து, ஆளுக்கொரு தட்டு போட்டுக் கொடுத்தார். காசு வந்தபோது அவர்கள் வந்து கடனைத் தீர்த்தார்கள். சுற்றுப்பயணத்துக்கும் அவரை அழைத்துப் போனார்கள்.

மேக்கனின் பெருமை இந்த வகை. எங்கள் ஊரில் இருந்து, எங்கள் ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, எங்கள் ஊர்க் கறுப்பினத்தவரும் வெள்ளைக்காரரும் சேர்ந்து செய்த இசை. ஜார்ஜியா ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர் ஃபில் வால்டனுக்கு நண்பர். அவர் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றபோது பணமில்லாமல் திண்டாடினார். 1975 நவம்பரில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இந்தக் குழு அவருக்காக நிதிக் கச்சேரி நடத்தியது. தெற்கத்திப் பேச்சோடு ஒருவர் வெள்ளை மாளிகைக்குப் போக முடியும் என்பதில் அந்த இளைஞர்களுக்கு ஒரு கை இருந்தது.

ஆனால் சதர்ன் ராக் ரசிகர்களின் பெருமை என்றால் உலகத்துக்குத் தெரிவது இது இல்லை. தெரிவது ஒரு கொடி.

அட்லாண்டாவில் என் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக் ஒருவர் இருந்தார். ஜாக்சன்வில்லில் பிறந்தவர். நான் காரில் ஆல்மன் பிரதர்ஸ் போடுவதைக் கேட்டுவிட்டு வேலியருகே வந்து பேச ஆரம்பித்தார். அவருக்கு உயிர் இன்னொரு குழு, லினர்ட் ஸ்கினர்ட். அவர்களும் ஜாக்சன்வில் பையன்கள். நீளமுடிக்காகத் தங்களைக் கண்டித்த பள்ளி விளையாட்டு ஆசிரியரின் பெயரைத் திரித்துக் குழுவுக்கு வைத்துக்கொண்டவர்கள். 1976 ஜூலையில் அட்லாண்டாவின் ஃபாக்ஸ் தியேட்டரில் அவர்கள் வாசித்தபோது தான் கூட்டத்தில் இருந்ததாகச் சொன்னார். இடிக்கப்பட இருந்த அந்தப் பழைய தியேட்டரைக் காப்பாற்ற ஊர் திரண்டிருந்த நேரம் அது. அந்தக் கச்சேரியும் தட்டாக வந்தது. தயாரித்தவர் டாம் டவுட், ஃபில்மோர் பதிவைச் செய்த அதே மனிதர்.

அவர் காராஜில் உட்கார்ந்துதான் 'ஃப்ரீ பேர்ட்' பாட்டை முதன்முதலாக முழுக் கவனத்தோடு கேட்டேன். அது டுவேனுக்காக எழுதப்பட்டது என்று அவர் அடித்துச் சொன்னார். நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். பாட்டு அதற்கு முன்பே இருந்தது. மேடையில் டுவேனுக்குச் சமர்ப்பித்து வாசித்தார்கள், அதில் இருந்து வந்த கதை அது. நான் அவரிடம் வாதாடவில்லை.

அந்தப் பாட்டைப் பிரித்துப் பார்த்தால் ப்ளூஸும் கன்ட்ரியும் கலந்த இடம் ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும். முதல் பாதி மெதுவான நடை, கோயில் பாட்டு மாதிரி. ஸ்லைடு கிட்டார் பெரும்பாலும் மோகனத்தின் சுரங்களிலேயே அழுகிறது. இரண்டாம் பாதியில் வேகம் பிய்த்துக்கொண்டு போகும். ஸட்ஜம் அதே ஜி சுரம்தான். ஆனால் காந்தாரம் இறங்கிவிடுகிறது, சுத்த தன்யாசி வந்து உட்கார்ந்துகொள்கிறது. வீட்டை மாற்றாமல் வீட்டுக்குள் இருந்த ஆட்களை மாற்றிவிட்டார்கள். கேட்கிறவர் மனசு எழுந்து நிற்பது அந்த மாற்றத்தில்தான்.

இன்னொன்று, இது ஜாம் இல்லை. கேட்க அப்படித் தோன்றும். ஸ்கினர்ட் குழு ஜாக்சன்வில்லுக்குத் தெற்கே, ஓடைப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை வீட்டில் பயிற்சி செய்தது. ஃபுளோரிடா வெயிலில் அதற்கு அவர்கள் வைத்த பெயர் நரக வீடு. தனி வாசிப்புகளை அங்கேயே சுரம் சுரமாகத் தீர்மானித்து, மேடையிலும் கிட்டத்தட்ட அப்படியே வாசித்தார்கள். மூன்று கிட்டார் ஒரே நேரத்தில் ஓடுகிறது. ஆளுக்கு ஆள் மனம்போனபடி வாசித்தால் சந்தைக் கடைதான். ஆல்மன் பிரதர்ஸின் நீளம் தேடிக்கொண்டு போகிற நீளம். இவர்களுடையது கட்டிவைத்த நீளம். அந்தக் கடைசிப் பகுதி வளர்ந்ததற்கும் எளிய காரணம் ஒன்று உண்டு. கிளப்புகளில் ஒரே ராத்திரியில் பல சுற்று பாட வேண்டியிருந்த குழுவின் பாடகர் ரானி வான் ஸாண்ட்டின் தொண்டைக்கு ஓய்வு தேவைப்பட்டது.

காராஜில் உட்கார்ந்திருந்தவர் அடுத்த பாட்டைப் போடும் முன் எனக்கு அதன் கதையைச் சொன்னார். 'ஸ்வீட் ஹோம் அலபாமா', 1974. கனடாக்காரரான நீல் யங் இரண்டு பாட்டுகளில் தெற்கத்தியர்களின் இனவெறியைச் சாடியிருந்தார். அதற்குப் பதில் இது. எழுதியவர்களில் ரானியும் குழுவின் கிட்டார்காரர் கேரி ராசிங்டனும் ஃபுளோரிடாக்காரர்கள். இன்னொரு கிட்டார்காரர் எட் கிங் கலிஃபோர்னியாக்காரர். பதிவு நடந்தது ஜார்ஜியாவில். அலபாமாக்காரர் எழுதியவர்களில் ஒருவரும் இல்லை.

கோடிக்கணக்கான பேர் பாடுகிற அந்தப் பாட்டு எந்தப் பக்கம் நிற்கிறது என்று இன்னும் சண்டை. பர்மிங்ஹாமில் ஆளுநரை நேசிக்கிறார்கள் என்று ஒரு வரி வரும். அந்த ஆளுநர் ஜார்ஜ் வாலஸ், 1963இல் பதவியேற்றபோது இனப் பிரிவினை என்றென்றைக்கும் என்று முழங்கியவர். அந்த வரிக்குப் பின்னால் பின்னணிக் குரல்கள் 'பூ பூ பூ' என்று கேலி செய்கின்றன. பாடிய பின்னணிக் குரல்களில் மெரி கிளேட்டன் ஒருவர், கறுப்பினப் பாடகி. கேலியைக் கேட்டவர்கள் குழு வாலஸுக்கு எதிரி என்றார்கள். நேசிக்கிறார்கள் என்பதை மட்டும் கேட்டவர்கள் பழைய தென்மாநிலக் கொடியை உயர்த்தினார்கள். இசையிலும் இதே கதைதான். பாட்டு முழுக்கச் சுற்றுவது மூன்று கார்டுகள், டி, சி, ஜி. இதில் வீடு டி சுரமா, ஜி சுரமா என்று இசைக்காரர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எட் கிங் ஜி என்று நினைத்து வாசித்தார். எந்தச் சுரத்தில் காலை ஊன்றிக்கொண்டு கேட்கிறீர்களோ அதற்கேற்ப அதே மெட்டு வேறு மாதிரி கேட்கிறது.

என் கருத்து இது. ரானி வான் ஸாண்ட் இனவெறிக்காகப் பாடவில்லை. கைத்துப்பாக்கிகளுக்கு எதிராக 1975இல் பாட்டு எழுதியவர். ஊரார் ஒதுக்கிய கறுப்பின ப்ளூஸ்காரர் ஒருவரைக் கொண்டாடும் கற்பனைக் கதையைப் பாடியவர். நீல் யங்கின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மேடையேறியவர். நீல் யங்கும் பிற்பாடு தன் பாட்டில் குற்றம்சாட்டும் தொனியும் மேட்டிமையும் இருந்ததாக எழுதினார். ஆனால் பாட்டுக்குப் பின்னால் மேடையில் தொங்கிய துணி பேசியதைப் பாட்டால் மறுக்க முடியவில்லை. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டணியின் போர்க்கொடி அது. இசைத்தட்டு நிறுவனம் விளம்பர உத்தியாகத் தொடங்கி வைத்தது. குழு அதை ஏற்றுக்கொண்டது. ரசிகர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஏன் கொண்டுபோனார்கள் என்று அவரிடம் கேட்டேன். அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லாமல் 1971இல் வேலை தேடி வடக்கே ஓஹையோவுக்குப் போன கதையைச் சொன்னார். வாயைத் திறந்தாலே சிரித்தார்களாம். "டிவியில் முட்டாள் என்றால் என் மாதிரிதான் பேசுவான். இங்கே ஊருக்கு வந்தால் முடியைப் பார்த்து என் அப்பாவின் சிநேகிதர்களே அடிக்க வருவார்கள். இரண்டு பக்கமும் எனக்கு இடமில்லை. ஃபாக்ஸில் ரானி வெறுங்காலோடு வந்து நின்று என் மாதிரியே பேசினான். அவ்வளவுதான்." கொடி? கச்சேரிக்கு வெளியே விற்றார்கள், வாங்கினாராம். கிளர்ச்சி என்று மட்டும்தான் அப்போது அவருக்கு அது அர்த்தமாயிற்று. இருபது வருஷம் காராஜ் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை, பத்து வருஷமாகக் கூட வேலை செய்த கறுப்பினச் சகா எஞ்சின் தூக்கும் சங்கிலியைக் கேட்டு வந்தார். உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சங்கிலி வேண்டாம், வேறு இடத்தில் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். "அதற்கப்புறமும் வேலையில் நன்றாகத்தான் பேசினார். வீட்டுக்கு மட்டும் வந்ததேயில்லை" என்றார். கொடியை மடித்து ஒரு டூல் பெட்டிக்கு அடியில் வைத்தவர், தூக்கிப் போடவும் மனசு வரவில்லை என்றார். அதை என்னிடம் அவர் மறைக்கவில்லை.

அவருடைய அந்த இழுபறி குழுவுக்கும் இருந்தது. 2012இல் கேரி ராசிங்டன் ஒரு பேட்டியில் இனிக் கொடியைப் பயன்படுத்தப் போவதில்லை என்றார். ரசிகர்கள் கொந்தளித்ததும் சில நாளிலேயே பின்வாங்கி விளக்கம் கொடுத்தார். ஃபுளோரிடாவில் பிறந்த ராக் பாடகர் டாம் பெட்டி 1985இல் தன் சுற்றுப்பயணத்தில் அதே கொடியை வைத்தவர். 2015இல், சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பின், அது தான் செய்த முட்டாள்தனம் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதுதான் சரியான வார்த்தை. தன்னை இழிவாகப் பார்த்தவர்களுக்குப் பதில் சொல்ல ஒருவருக்கு ஆயிரம் சின்னம் கிடைக்கும். அவர்கள் எடுத்துக்கொண்ட சின்னம், அவர்கள் இசைக்குப் பாதி ரத்தம் கொடுத்த மக்களையே வாசலில் நிறுத்தியது. மெக்டெல் இல்லாமல், ஜேமோ இல்லாமல், அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஸ்டூடியோக்களில் கறுப்பினப் பாடகர் வில்சன் பிக்கட்டுக்காக டுவேன் வாசித்த அந்த நாட்கள் இல்லாமல், தெற்கின் ராக் என்று ஒன்று இல்லை. ராக் பிறந்ததே தெற்கில்தான், அப்புறம் தெற்கத்தி ராக் என்று தனியாக என்ன என்று கிரெக் ஆல்மன் கடைசி வரை அந்தப் பெயரை ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர் கட்சிதான்.

இந்த இசையின் நல்ல காலம் கொஞ்ச நாள்தான். டுவேன் 1971 அக்டோபர் 29இல் மேக்கன் தெருவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது வயது 24. ஃபில்மோர் தட்டு வெளிவந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஓராண்டு கழித்து பெர்ரி ஓக்லியும் அந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அதே போன்ற விபத்தில், அதே 24 வயதில் போனார். 1977 அக்டோபர் 20இல் ஸ்கினர்ட் குழுவின் வாடகை விமானம் எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பிக் காட்டில் விழுந்தது. ரானி, கிட்டார்காரர் ஸ்டீவ் கெய்ன்ஸ், அவர் அக்காவும் பாடகியுமான கேஸி உட்பட ஆறு பேர் இறந்தார்கள். கேப்ரிகார்ன் நிறுவனம் 1979இல் திவாலானது.

நான் கடைசியாக மேக்கன் போனபோது என் பக்கத்து வீட்டுக்காரரும் கூட வந்தார். ஸ்கினர்ட் ஆளான அவர் அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்ததேயில்லை. ரோஸ் ஹில், ஒக்மல்கி ஆற்றை நோக்கி இறங்கும் சரிவு முழுக்கப் பழைய கல்லறைகள். குழுவினர் ராத்திரிகளில் அங்கே போய் உட்கார்ந்து கிட்டார் வாசிப்பார்கள். எலிசபெத் ரீட் யாரோ ஒரு காதலி இல்லை. அங்கே ஒரு கல்லில் பெட்ஸ் பார்த்த பெயர். தான் பாட்டெழுதிய பெண்ணின் உண்மைப் பெயரை வெளியே சொல்ல முடியாததால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். அந்தக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தோம். அதே தோட்டத்தில் உள்நாட்டுப் போரில் இறந்த தென்தரப்புச் சிப்பாய்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன, ஒரே அளவு வெள்ளைக் கற்கள். அவர் அங்கே கொஞ்ச நேரம் நின்றார், தொப்பியைக் கழற்றவில்லை. பிறகு கீழே இறங்கினோம். டுவேனும் பெர்ரியும் அடுத்தடுத்துப் படுத்திருக்கிறார்கள், சுற்றிலும் வேலி. 2017இல் கிரெக்கும் அங்கே வந்து சேர்ந்துவிட்டார். வேலியில் யாரோ கிட்டார் பிக்குகளையும் ஒரு காலி மாத்திரை பாட்டிலையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆற்றோரம் தண்டவாளம் ஓடுகிறது. நாங்கள் நின்றபோது ஒரு சரக்கு ரயில் வந்தது. நான் பழக்கதோஷத்தில் வேலிக் கம்பியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. என்ன கணக்கு அது என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். ஜாக்சன்வில் நாக்கில் 'தகிட' சரியாக வரவில்லை, ஆனால் நாலாவது சுற்றில் அந்தக் கடைசி இரண்டைப் பிடித்துவிட்டார். ரயில் பெட்டிகள் தீரும் வரை இருவரும் தட்டிக்கொண்டிருந்தோம்.